20 கிலோ எடைக்கல் இருபது நிமிடத்தில் 110 கிராம் கூடிய கதை

அக்கரைப்பேட்டையில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர், காலை ஏழரை மணிக்குப் போன் செய்தார். "தம்பி, இறால் பெட்டிய தராசுல வச்சுட்டுக் கணக்கு எழுதிட்டு வந்து பாத்தா 60 கிராம் கூடியிருக்கு. ஐஸ் உருகித் தண்ணி வடியுது. எடை குறையணுமா, கூடணுமா?" என்றார். அந்தக் கேள்வியிலேயே பாதி விவரம் இருந்தது. ஐஸ் உருகும் பெட்டி எடை கூட வழியே இல்லை. தராசுதான் நகர்கிறது.

தராசு 100 கிலோ வரை எடை போடும் மேடைத் தராசு, எண் 10 கிராம் படியாக மாறும். எஃகுத் தட்டுக்கு அடியில், நடுவில் எடையை மின் அளவாக மாற்றித் தரும் ஒரே ஒரு அலுமினிய லோட்செல். அது 150 கிலோ தாங்கும் வகை. அங்கிருந்து கேபிள் தூணுக்குள் ஏறி, எடையை எண்ணாகக் காட்டும் இண்டிகேட்டருக்குப் போகிறது. இண்டிகேட்டருக்குள் 6 வோல்ட் சீல்டு பேட்டரி, வெளியே ஒரு சார்ஜர். நாகையில் மீன், கருவாடு வியாபாரம் நடக்கும் இடமெல்லாம் இந்த வகைதான்.

போய்ப் பார்த்தபோது எண்கள் இரண்டு விதமாக ஆடின. ஒன்று வேகமான துடிப்பு. கடைசி இலக்கம் 30, 40 கிராம் அளவுக்கு மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருந்தது. இன்னொன்று மெதுவான ஏற்றம். துடிப்பின் நடுப்புள்ளியே நிமிடத்துக்கு ஐந்தாறு கிராம் வீதம் மேலே போனது. இந்த இரண்டையும் ஒரே கோளாறாக எடுத்துக்கொண்டால் நாள் முழுக்கச் சுற்ற வேண்டியதுதான். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில் ஓட விட்டேன். துடிப்பு பாதிக்கு மேல் அடங்கியது. ஏற்றம் அப்படியே தொடர்ந்தது. அதனால் மின்சாரத்தில் கோளாறு உண்டு, ஆனால் அக்கா சொன்ன கோளாறு அதுவல்ல என்று தெரிந்துகொண்டேன். சார்ஜரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன்.

அக்காவின் தம்பி ஒரு சந்தேகம் கேட்டார். "காலியா இருக்கும்போது சுத்தமா ஜீரோ காட்டுதே, அப்புறம் எப்படித் தராசு தப்பு?" நியாயமான கேள்வி. பல கடைகளில் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். இண்டிகேட்டருக்குள் தானாக ஜீரோவைப் பின்தொடரும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. தட்டு காலியாக இருக்கும்போது எண் அரைப் படி, கால் படி என்று மெல்ல நகர்ந்தால், தட்டில் தூசி சேர்ந்திருக்கிறது என்று எண்ணி அதைச் சத்தமில்லாமல் ஜீரோவாக்கிவிடும். மெதுவான நகர்வு எதுவும் காலித் தட்டில் கண்ணுக்குத் தெரியாது. சுமை ஏறியதும் அந்த ஏற்பாடு விலகிக்கொள்ளும், நகர்வு வெளியே வரும். ஆகவே நகர்வைச் சோதிக்க வேண்டுமென்றால் தட்டில் எடைக்கல்லை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

தராசைப் பட்டறைக்கு எடுத்து வந்தேன். முதலில் தட்டைக் கழற்றி, லோட்செல்லுக்கு அடியில் அதிக பாரம் தாங்க வைத்திருக்கும் ஸ்டாப்பர் போல்ட்டுகளைப் பார்த்தேன். மீன் செதிலோ உப்புக்கட்டியோ அங்கே சிக்கினாலும் எடை மாறும், ஆனால் அப்போது எண் நகராமல் ஒரே தப்பான இடத்தில் நிற்கும். இடைவெளி சுத்தமாக இருந்தது. தட்டை மாட்டி, முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல்லை நடுவில் வைத்து, பேட்டரியிலேயே ஓட விட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குத் தொடங்கிய கணக்கு: 20.00, 20.03, 20.06, 20.08, 20.11. இருபது நிமிடத்தில் 110 கிராம். முந்தின நாள் மதியம் இரண்டு மணிக்கு இதே சோதனையைச் செய்தபோது 20 கிராம்தான் நகர்ந்திருந்தது. காலைக்கும் மதியத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைக் குறித்து வைத்தேன்.

சுமை வைத்ததும் உலோகம் மெல்லத் தளர்ந்து எண் கொஞ்சம் நகர்வது எல்லா லோட்செல்லிலும் உண்டு. நல்ல செல்லில் அது அரை மணி நேரத்துக்குச் சுமையில் சுமார் 0.03 சதவீதம். 20 கிலோவுக்கு ஆறு கிராம், ஒரு படிகூட ஆகாது. 110 கிராமுக்கு அதைக் காரணம் சொல்ல முடியாது.

அடுத்து, கோளாறு இண்டிகேட்டரிலா, அதற்குக் கீழேயா என்று பிரிக்க வேண்டும். இதற்கென்று ஒரு பொய் லோட்செல் செய்து வைத்திருக்கிறேன். லோட்செல்லுக்குள் இருப்பது நான்கு மின்தடைகள் சதுரமாகக் கோத்த ஒரு பிரிட்ஜ்தான். அதேபோல 360 ஓம் ரெசிஸ்டர் நான்கைச் சதுரமாகச் சாலிடர் செய்து சின்ன டப்பாவில் அடைத்தேன். கடையில் வாங்கும் ஒரு சதவீத ரெசிஸ்டரை எடுத்த எடுப்பில் போட்டால் வேலைக்காகாது. ஒன்று மட்டும் ஒரு சதவீதம் விலகினாலே இண்டிகேட்டர் தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும். ஒரு பாக்கெட் வாங்கி மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து, ஒரே எண் காட்டும் நான்கைப் பொறுக்கி எடுத்தேன். அந்த நான்கில் ஒன்றுக்குக் குறுக்கே, ஸ்விட்ச் வழியாக 330 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. ஸ்விட்சைப் போட்டால் இந்தத் தராசுக்கு ஏறக்குறைய 20 கிலோ வைத்ததுபோல் தெரியும். ஜீரோவைப் பின்தொடரும் ஏற்பாட்டை விலக்கவே இந்த ஸ்விட்ச்.

லோட்செல்லைக் கழற்றிவிட்டு இந்த டப்பாவை இண்டிகேட்டரில் மாட்டினேன். ஒரு மணி நேரத்தில் எண் ஒரே ஒரு படி அசைந்தது, அவ்வளவுதான். இண்டிகேட்டர், அதன் உள்ளே இருக்கும் மின்சாரம், பேட்டரி எல்லாம் சுத்தம். கோளாறு கேபிளில் அல்லது லோட்செல்லில்.

என்னிடம் வேலை பழகும் பையனுக்கு இங்கே ஒன்றைக் காட்டினேன். பொய் லோட்செல்லின் நான்கு ரெசிஸ்டரில் ஒன்றுக்குக் குறுக்கே 10 மெகா ஓம் ரெசிஸ்டரை வைத்தேன். பத்து மெகா என்றால் வீட்டு வயரிங் செய்பவர்கள் 'ஒன்றும் ஒட்டவில்லை' என்று சொல்லிவிட்டுப் போகும் அளவு. டிஸ்பிளே 670 கிராம் தாவியது. பையன் நம்பாமல் எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். காரணம் இதுதான்: இந்த லோட்செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழு 150 கிலோ ஏற்றினாலும் அது திருப்பித் தருவது 10 மில்லிவோல்ட். அதில் பத்து கிராமின் பங்கு ஒரு மைக்ரோவோல்ட்டில் மூன்றில் இரண்டு. அவ்வளவு சின்ன அளவைப் படிக்கும் இடத்தில் பத்து மெகா ஓம் கசிவு பெரிய ஓட்டை. அந்தக் கசிவு 10 மெகாவிலிருந்து 12 மெகாவுக்கு நகர்ந்தால் போதும், எடை 110 கிராம் மாறும். ஈரம் காயக் காயக் கசிவு மாறும், எண் அதன் பின்னால் ஊர்ந்து போகும். காலையில் நான் எழுதிய கணக்கு அப்படியே இதற்குப் பொருந்தியது.

இப்போது லோட்செல்லின் நான்கு வயர்களையும் தனியாக எடுத்து அளந்தேன். இந்தச் செல்லில் மின்சாரம் கொடுக்கும் வயர்கள் சிவப்பு E+, கறுப்பு E-; எடையின் அளவைத் திருப்பித் தரும் வயர்கள் பச்சை S+, வெள்ளை S-. நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஸ்டிக்கரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவே 351 ஓம், சரி. சிவப்பிலிருந்து பச்சைக்கும், சிவப்பிலிருந்து வெள்ளைக்கும் ஏறக்குறைய ஒரே அளவு, 291 சொச்சம். இந்த இரண்டும் வேறுபட்டால் உள்ளே இருக்கும் மின்தடைகளில், அதாவது கேஜ்களில், ஒன்று போய்விட்டது அல்லது செல் வளைந்துவிட்டது என்று பொருள். அது இல்லை. சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 408 வர வேண்டும், வந்தது. ஆனால் மீட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு கேபிளை அங்குலம் அங்குலமாக வளைத்துக்கொண்டு வந்தபோது, செல்லிலிருந்து ஒரு சாண் தள்ளி ஓரிடத்தில் 408 துள்ளி 411 ஆனது. விட்டால் இறங்கியது.

மூன்று ஓம் பெரிய விஷயமா என்றால், ஆம். மின்சாரம் போகும் வழியில் மூன்று ஓம் கூடினால் செல்லுக்குக் கிடைக்கும் வோல்ட் முக்கால் சதவீதம் குறையும், எடையும் அதே அளவு குறையும். 20 கிலோவில் அது ஏறக்குறைய 145 கிராம். இதுவும் சுமை ஏற ஏறத்தான் பெரிதாகத் தெரியும். ஆனால் அறுந்த வயர் ஆடும்போது எண் திடீரென்று தாவும், திரும்பி வரும். அக்காவின் தராசில் ஊர்ந்து ஏறிய எண்ணுக்கு இது நேரடிக் காரணம் ஆகாது.

அடுத்தது காப்பு, அதாவது வயர்களிலிருந்து மின்சாரம் உலோகத்துக்குக் கசியாமல் இருக்கிறதா என்பது. நான்கு வயர்களையும் ஒன்றாக முறுக்கி, அந்த முடிச்சுக்கும் லோட்செல்லின் உலோக உடம்புக்கும் நடுவே மல்டிமீட்டரை மெகா ஓம் அளவில் வைத்தேன். நல்ல செல்லில் இங்கே மீட்டர் எதையும் காட்டக் கூடாது, திறந்த சுற்று என்றே நிற்க வேண்டும். செல் தயாரிப்பவர்கள் இதற்குக் கொடுக்கும் அளவு ஆயிரக்கணக்கான மெகா ஓம். எனக்கு 14 மெகா வந்தது. மீட்டரில் எந்த எண் வந்தாலும் செல்லுக்குள் ஈரம் என்று எடுத்துக்கொள்ளலாம். உறுதி செய்ய, காப்பை அளக்கும் கருவியான மெகரில் 50 வோல்ட் அமைப்பு உள்ளதை வைத்தேன், 9 மெகா. எலக்ட்ரீஷியன்களிடம் இருக்கும் 500 வோல்ட் மெகரை லோட்செல்லில் தயவுசெய்து வைக்காதீர்கள். கேஜுக்கும் உலோகத்துக்கும் நடுவே இருப்பது மெல்லிய பிலிம், அது துளைத்துப் போகும். இண்டிகேட்டரோடு இணைத்திருக்கும்போது எந்த மெகரையும் வைக்கக் கூடாது.

எண் துள்ளிய இடத்தில் கேபிளைப் பிளேடால் கீறிப் பார்த்தேன். தட்டின் சட்டம் தூணோடு சேரும் மடிப்பில் கேபிள் நசுங்கி, மேல் உறையில் ஒரு நகம் அளவுக்கு வெட்டு. தராசைத் தூக்கி இறக்கும்போதெல்லாம் அங்கே கடித்திருக்கிறது. உள்ளே, வயர்களைச் சுற்றி மின் இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டு பின்னல் பச்சைப் பொடியாக இருந்தது. கறுப்பு வயரின் இழைகளில் பாதி அறுந்து, மீதி பச்சை பூத்திருந்தன. அங்கிருந்து செல்லை நோக்கிக் கேபிளைப் பிளந்துகொண்டே போனேன், கடைசிவரை உள்ளே ஈரப் பிசுபிசுப்பு.

விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, உறைக்குள் நான்கு வயர்களுக்கு நடுவே இருக்கும் இடுக்கு தண்ணீரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. லோட்செல்லின் வாயை எவ்வளவு நன்றாக ரப்பர் பசையால் அடைத்திருந்தாலும், கேபிளுக்குள் வரும் தண்ணீர் அந்தப் பசையைத் தாண்டி உள்ளிருந்தே இறங்கும். ஆகவே கேபிள் வெட்டும் செல்லின் ஈரமும் இங்கே ஒரே கோளாறு. ஷீல்டு அறுந்ததால் சார்ஜரின் இரைச்சலும் சுலபமாக உள்ளே நுழைந்தது. மூன்றுக்கும் தொடக்கம் அந்த நகம் அளவு வெட்டு.

புதுச் செல் வாங்குவதற்கு முன் காய வைத்துப் பார்ப்போம் என்று தோன்றியது, அக்காவுக்குச் செலவு மிச்சம் ஆகுமே என்று. கெட்டுப்போன பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, செல்லை அட்டைப் பெட்டியில் வைத்து 60 வாட் குண்டு பல்பு போட்டு, உள்ளே 50 டிகிரிக்குச் சற்று மேல் நிற்கும்படி ஒரு நாள் முழுக்க விட்டேன். 70 டிகிரிக்கு விடக் கூடாது, பசையும் கேஜும் கெடும். மறுநாள் மெகர் எல்லை தாண்டிப் போனது. 20 கிலோ சோதனையில் ஒரு படி நகர்வுகூட இல்லை. சந்தோஷமாக மாட்டி வைத்தேன்.

இரண்டாம் நாள் காலை மறுபடி 40 கிராம் ஊர்ந்தது. மெகரில் 40 மெகா.

உள்ளே போனது வெறும் தண்ணீர் என்றால் காய்ந்ததும் கதை முடிந்திருக்கும். போனது கடல் தண்ணீர். தண்ணீர் ஆவியாகி உப்பு உள்ளேயே தங்கிவிட்டது. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும், சமையலறை உப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர்விடுவதுபோல. நாகையில் இரவும் விடியலும் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும், மதிய வெயிலில் இறங்கும். காலையில் 110 கிராமும் மதியம் 20 கிராமும் நகர்ந்ததற்கு விடை இங்கே இருந்தது. முதல் நாளே எழுதி வைத்திருந்தும், காய வைக்கும்போது அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. செல்லின் பசையைப் பிரித்து ஆல்கஹாலில் கழுவி மறுபடி பூசலாம் என்று சிலர் செய்வார்கள். கேஜ் மேல் இருக்கும் பூச்சைத் தொட்டால், வெப்பம் மாறினாலும் எண் மாறாமல் நிற்கும் தன்மை கெட்டுவிடும். பிறர் காசு மேல் நிற்கும் தராசில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மழைத் தண்ணீர் பட்ட செல்லைக் காய வைத்துப் பார்க்கலாம், உப்புத் தண்ணீர் போன செல்லை மாற்றிவிடுவதே சரி.

அதே 150 கிலோ தாங்கும், அதே துளை அளவுள்ள, முற்றாக மூடிய ஸ்டெயின்லெஸ் செல் ஒன்றை வரவழைத்தேன். கேபிளை ஒட்டுப்போடாமல் ஒரே நீளமாக இண்டிகேட்டர் வரை கொண்டுபோனேன். தூண் மடிப்பில் ரப்பர் குழாயை உறையாகப் போட்டு, தட்டுக்கு வெளியே வரும் முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டேன். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும், செல் பக்கம் ஏறாது. ஷீல்டை இண்டிகேட்டர் முனையில் மட்டும் இணைத்தேன். இரண்டு முனையிலும் இணைத்தால் அதன் வழியே தேவையில்லாத மின்னோட்டம் சுற்றத் தொடங்கும்.

செல் மாற்றினால் காலிபரேஷன் புதிதாகச் செய்ய வேண்டும். நான்கு 20 கிலோ கல் வைத்து அதை முடித்தேன். பிறகு 33 கிலோவை, அதாவது முழு அளவில் மூன்றில் ஒரு பங்கை, நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். மூலைக்கு மூலை ஒரு படிக்கு மேல் வித்தியாசம் இல்லை. இரவு முழுக்க ஈரத்துணியைச் செல் மேல் போட்டுவிட்டு, காலையில் 20 கிலோ வைத்து ஒரு மணி நேரம் நின்றேன். 20.00 அசையவில்லை.

தட்டை மாட்டி மீன் சந்தைக்கே எடுத்துப் போனேன். பேட்டரியில் கல்லாய் நின்றது. சார்ஜரைச் செருகியதும் கடைசி இலக்கம் 10 கிராம் துடித்தது. ஷீல்டு சரியானதும் பழைய 40 கிராம் இந்த அளவுக்கு இறங்கியிருந்தது, ஆனாலும் இருந்தது. பக்கத்தில் ஐஸ் உடைக்கும் மிஷின் ஓடத் தொடங்கினால் இன்னும் கொஞ்சம் கூடியது. ஈரக் கையால் தட்டின் சட்டத்தை அழுத்தாமல் தொட்டாலே எண் மாறியது. எண்ணின் மேல் மின் இரைச்சல் ஏறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது. விசாரித்ததில், தராசோடு வந்த கனமான டிரான்ஸ்பார்மர் சார்ஜர் போன வருடம் எரிந்துபோய், கடையில் கிடைத்த இலேசான இரண்டு முனை அடாப்டரை மாட்டியிருக்கிறார்கள். எர்த் இல்லாத அந்த வகை அடாப்டரில், உள்ளே இருக்கும் கெபாசிட்டர் வழியாக மின்சாரத்தின் ஒரு சின்னப் பங்கு வெளியே வரும் வயரில் மிதந்துகொண்டே இருக்கும். அதே வோல்ட் உள்ள டிரான்ஸ்பார்மர் வகையை வாங்கி மாட்டினேன். துடிப்பு நின்றது. பேட்டரியையும் அளந்தேன், ஓடும்போது 5.6 வோல்ட்டுக்கு இறங்குகிறது, அதுவும் ஓய்வுக்கு வந்துவிட்டது. மாற்றினேன். எடை போடும் நேரத்தில் பேட்டரியில் ஓட்டி, இரவில் சார்ஜ் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தராசைத் திறக்கும்போது ஈய முத்திரையை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய தராசில் மறுமுத்திரை இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது. பழுது பார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும். என் உரிம எண்ணோடு பழுது விவரத்தை எழுதிக் கொடுத்தேன், அக்கா தொழிலாளர் துறை முத்திரை ஆய்வாளரிடம் கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை வாங்கினார். அது வரை இரண்டு நாள் பக்கத்துக் கடைத் தராசில் எடை போட்டார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, அக்கா கேட்காமலே 20 கிலோ கல்லை வண்டியிலிருந்து இறக்கி வைத்தேன். விடியற்காலை, தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். அரை மணி நேரம் டீ குடித்துக்கொண்டு நின்றோம். 20.00 என்றே இருந்தது. கேபிள் வளையத்தின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது.